தொடர் முடிஞ்சாகணும்

அந்த வியாழக்கிழமை செமினாருக்கு வந்திருந்தவர்கள்: குவாண்டம் மெக்கானிக்ஸ் எடுக்கும் மேடம், எம்.எஸ்சி. முதலாம் ஆண்டு இயற்பியல் மாணவர்கள் பதினொரு பேர், சாக்பீஸ் டப்பாவை வைத்துவிட்டு வெயிலுக்கு ஒதுங்கி நின்ற லேப் அட்டெண்டர். வராதவர்கள்: ஆந்திராவில் கல்யாணம் என்று போயிருந்த துறைத்தலைவர், முந்தின இரவே போன மின்சாரம், அப்புறம் ஹைட்ரஜன் அணுவைப் பற்றிய என் அறிவு. கடைசியாகச் சொன்னது வரவில்லை என்பது மேடை ஏறி இருபது நிமிடம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

எங்கள் குழுவில் மூன்று பேர்; ஹைட்ரஜன் அணுவின் அலைச் சமன்பாட்டை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். கோணப் பகுதி பழவேற்காட்டிலிருந்து வரும் பெண்ணுக்கு. அவள் அப்பாவுக்கு அங்கே துணிக்கடை. காலையில் பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வருவாள். வகுப்பில் அவள்தான் முதல். நடுவில் இருக்கும் ஆரப் பகுதி, அதாவது ரேடியல் ஈக்வேஷன், எனக்கு. கடைசியில் ஆற்றல் மட்டங்கள் திருவள்ளூர்க்காரனுக்கு. அவன் அப்பா கோயிலில் கைங்கரியம் செய்கிறவர். அவனுக்கு எதையும் ஒருமுறை கேட்டால் மனப்பாடம். பெரியபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறி வருவதற்குள் ஒரு அத்தியாயத்தை வாயாலேயே ஒப்பித்து முடித்துவிடுவான்.

செமினாருக்குப் பத்து மதிப்பெண். குழுவுக்கு என்ன மதிப்பெண்ணோ அதுவே மூன்று பேருக்கும். இன்டர்னலில் இருபத்தைந்துக்குப் பத்தாவது இருந்தால்தான் எங்கள் கல்லூரியில் பரீட்சை எழுத விடுவார்கள். அதுவரை நான் சேர்த்து வைத்திருந்தது மூன்று. ஆகவே எனக்குச் செமினாரில் ஏழு வேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு வருடம் போகும். அந்த ஒரு வருடத்தை எங்கள் வீட்டில் எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் பெயில் என்ற சொல்லுக்கு அனுபவமே கிடையாது. யாரும் பரீட்சை எழுதியதில்லை.

என் பகுதியை நான் சீனியர்களின் ஜெராக்ஸ் நோட்டிலிருந்து படித்திருந்தேன். எந்த சீனியர் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, ரோ என்ற எழுத்து பல இடங்களில் கொசு மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஆனாலும் அதில் எல்லாம் இருந்தது. நானும் பலகையில் எல்லாவற்றையும் எழுதினேன். கருவுக்கும் எலக்ட்ரானுக்கும் உள்ள தொலைவை, ஆற்றலைப் பொறுத்த ஓர் அளவுகோலால் அளந்து ரோ என்று வைத்தேன். கருவுக்கு அருகில் அலைச்சார்பு எப்படிப் போகும் என்பதைத் தனியாக வெளியே எடுத்தேன். வெகு தூரத்தில் அது தேய வேண்டும் என்பதால் 'இ பவர் மைனஸ் ரோ' என்பதையும் வெளியே எடுத்தேன். மிச்சமிருப்பதைத் தொடராக எழுதினேன்: ரோவின் அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கெழு. ஒரு கெழு தெரிந்தால் அடுத்ததைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பாட்டையும் எழுதினேன். மேலே இரண்டு பெருக்கல் (ஜே கூட்டல் எல் கூட்டல் ஒன்று கழித்தல் லாம்டா). கீழே (ஜே கூட்டல் ஒன்று) பெருக்கல் (ஜே கூட்டல் இரண்டு எல் கூட்டல் இரண்டு). ஜே என்பது எத்தனையாவது உறுப்பு என்ற எண்ணிக்கை. எல் பழவேற்காட்டுப் பெண் கோணப் பகுதியில் கண்டுபிடித்துக் கொடுத்த முழு எண். லாம்டாவுக்குள்தான் ஆற்றல் ஒளிந்திருக்கிறது. பதிமூன்று புள்ளி ஆறை லாம்டாவின் வர்க்கத்தால் வகுத்து முன்னால் மைனஸ் போட்டால் எலக்ட்ரான் வோல்ட்டில் ஆற்றல்.

இதுவரைக்கும் சரி. கையில் சாக்பீஸ், சட்டையில் இஸ்திரி, குரலில் கம்பீரம்.

"இப்போ இந்தத் தொடர் முடிஞ்சாகணும்," என்றேன். "அதனால லாம்டா ஒரு முழு எண். அதுக்குப் பேரு என். பிரின்சிபல் குவாண்டம் நம்பர்."

மேடம் விசிறிக்கொண்டிருந்த வருகைப் பதிவேட்டை நிறுத்தினார். "முடிஞ்சாகணுமா? யாரு சொன்னா?"

"நோட்ஸ்ல இருக்கு மேடம்."

"அதுக்கு ஏன்னு கேக்கறேன். லாம்டா ரெண்டரைன்னு வெச்சா என்ன ஆகும்?"

"வைக்க முடியாது மேடம்."

"ஏன்?"

"என் வந்து முழு எண் மேடம்."

"அது எப்படித் தெரியும்?"

"தொடர் முடியணுமே மேடம்."

"ஏன் முடியணும்?"

"முடியலைன்னா என் முழு எண்ணா வராதே மேடம்."

பின் பெஞ்சில் ஒருவன் சிரித்தான். நான் விடவில்லை. படிக்கட்டு உதாரணம் கைவசம் இருந்தது. "மேடம், படியில ஏறும்போது ஒண்ணாவது படி, ரெண்டாவது படி உண்டு. ரெண்டரையாவது படி உண்டா?"

"படி கட்டினவன் அப்படிக் கட்டினான். இங்க கட்டினது யாரு?"

திருவள்ளூர்க்காரன் முதல் பெஞ்சிலிருந்து வாயை அசைக்காமலே உதவினான்: "டெர்மினேட் ஆகணும்னு சொல்லு, இங்கிலீஷ்ல சொல்லு." நான் இங்கிலீஷிலும் சொன்னேன். மேடம் இங்கிலீஷிலும் ஏன் என்று கேட்டார்.

கடைசியில் நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் ரயிலில் நின்றுகொண்டே கண்ணை மூடிக்கொள்கிறேன். "முடியலைன்னா சிலபஸ்ல வெச்சிருக்க மாட்டாங்க மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. "திங்கக்கிழமை ரெண்டரையைப் போட்டுக் காட்டு. என்ன ஆகுதுன்னு நான் பார்க்கணும். அதுவரைக்கும் மூணு பேருக்கும் மார்க் கிடையாது."

வெளியே வந்ததும் பழவேற்காட்டுப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் அப்பளம் பொரிந்திருக்கும். "ஆகணும் ஆகணும்னு எதுக்குப்பா அவ்வளவு கத்துன? உன் ஆகணும்ல எங்க மார்க்கும் போகுது."

அவள் சொன்னது நியாயம். ஆனால் அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. படிச்சாகணும், பாஸாகணும், வேலைக்குப் போயாகணும் என்றெல்லாம் கேட்டே வளர்ந்தவன். எதற்கும் யாரும் ஏன் என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஹைட்ரஜனும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான் என்று நினைத்துவிட்டேன்.

சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்தேன். எங்கள் வீடு கவரைப்பேட்டையில், ரயில் போனால் பாத்திரம் ஆடும் தூரத்தில். எல் பூஜ்யம், லாம்டா இரண்டரை. முதல் கெழு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். அடுத்தது மைனஸ் ஒன்றரை. அதற்கடுத்தது கால். பிறகு 0.0208. பிறகு 0.0031. பிறகு 0.0005. பிறகு 0.0001. அதற்கடுத்து கால்குலேட்டரில் என்னவோ நீளமாக வந்தது. பி.எஸ்சி. லேபில் மூன்று வருடம் பழகிய கை; நான்கு தசம இடத்துக்கு மேல் எழுதினால் ரெக்கார்டில் சிவப்பு மை விழும். நான்கு இடத்துக்குச் சுருக்கினேன்.

0.0000.

பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கடுத்ததும் 0.0000. பூஜ்யம். தொடர் முடிந்துவிட்டது. யாரும் முடியணும் என்று சொல்லாமல், முழு எண் இல்லாமல், இரண்டரையிலேயே தானாக முடிந்துவிட்டது. அந்த ஏழு கெழுக்களையும் வைத்துக் கிராஃப் போட்டேன். மேலே ஒரு சின்ன மேடு, கீழே ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு, அப்புறம் சமர்த்தாகத் தேய்ந்து கோட்டோடு படுத்துக்கொண்டது. பார்க்க புத்தகத்தில் இருக்கும் படம் மாதிரியே இருந்தது.

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்திருக்க முடியவில்லை.

தேர்வாய் கண்டிகை கம்பெனியில் பேக்கிங் வேலை முடித்து என் அப்பா, அதாவது நைனா, சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். "இன்னாடா, பேயடிச்ச மாரி நிக்கிற?"

"நைனா, ரெண்டரை வரக்கூடாதுன்னு சொன்னாங்க. வருது."

"எது?"

"அணுவுல. முழு எண்தான் வரும்னு உலகமே சொல்லுது. நான் போட்டுப் பார்த்தேன், ரெண்டரையும் வருது."

நைனா செருப்பைக் கழற்றினார். "வந்தா வரட்டுமே. வேணாம்னு யாரு சொன்னது?"

"பெரிய பெரிய சயின்டிஸ்ட்டுங்க."

"அவுங்க போட்டுப் பாக்கலியா?"

"பார்த்திருக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன்."

இதை நான் வாய்விட்டுச் சொன்னேன். நூறு வருடமாக உலகம் முழுக்கப் படித்தவர்கள் யாரும் இரண்டரையைப் போட்டுப் பார்க்கவில்லை, கவரைப்பேட்டையில் நான் பார்த்துவிட்டேன் என்று. எங்கள் வீட்டில் நான் சொல்வதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. அதில் இருக்கிற ஆபத்து அன்றைக்குத் தெரியவில்லை. அம்மா அடுப்பிலிருந்து, "ரெண்டரை வந்தா நல்லதா கெட்டதா?" என்று மட்டும் கேட்டாள். நல்லது என்றேன்.

குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினேன்: "2.5 அனுமதிக்கப்படுகிறது. நிரூபணம் திங்கள்." திருவள்ளூர்க்காரன் உடனே, "பொன்னாடைக்கு என்ன கலர் வேணும்?" என்று கேட்டான். பழவேற்காட்டுப் பெண்ணிடமிருந்து இரண்டு நீல டிக் மட்டும் வந்தது.

ஞாயிறு காலை நைனா புதுவாயலில் நாஷ்டாவுக்குப் போன இடத்தில் தன்னோடு வேலை செய்கிறவர்களிடம் சொல்லிவிட்டார். என்ன சொன்னார் என்று தெரியாது. நான் கடைத்தெருவுக்குப் போனபோது ஒருவர் தோளைத் தட்டி, "என்னமோ புதுசா ரெண்டரை கண்டுபுடிச்சியாமே, சந்தோஷம் தம்பி," என்றார். நான் தலையைக் குனிந்து சிரித்தேன். அடக்கமாக இருப்பதாக அவர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கல்லூரி வராந்தாவில் மூவரும் கூடினோம். செமினார் பதினொரு மணிக்கு. நோட்டை நீட்டினேன். பழவேற்காட்டுப் பெண் கெழுக்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் விரல் நின்றது.

"இது என்ன பூஜ்யம்?"

"பூஜ்யம்தான்."

"பூஜ்யமா, கால்குலேட்டர் பூஜ்யமா?"

"நாலு டெசிமலுக்கு ரவுண்டு பண்ணினேன்."

அவள் நோட்டை மூடினாள். "லாம்டா ரெண்டுன்னு போடு. இப்பவே போடு."

போட்டேன். ஒன்று. மைனஸ் ஒன்று. அடுத்ததற்கு மேலே வருவது இரண்டு கழித்தல் இரண்டு. பூஜ்யம்.

"மூணு போடு."

ஒன்று. மைனஸ் இரண்டு. மூன்றில் இரண்டு பங்கு. அடுத்தது மூன்று கழித்தல் மூன்று. பூஜ்யம்.

"இதுதான் பூஜ்யம். இங்க மேல இருக்கற எண்ணே செத்துப்போகுது. அது செத்தா அதுக்கு அப்புறம் வர்றதெல்லாம் அதைப் பெருக்கி வர்றதுதானே, எல்லாம் செத்துடும். உன் ரெண்டரையில மேல என்ன வருது? ஒண்ணு கழிச்சல் ரெண்டரை, ரெண்டு கழிச்சல் ரெண்டரை, மூணு கழிச்சல் ரெண்டரை. பூஜ்யத்தைத் தாண்டிக் குதிச்சிடுது. நிக்கவே இல்ல."

"ஆனா எவ்வளவு சின்னது பாரு. 0.000014."

"அதை ரோவோட ஏழாவது அடுக்கால பெருக்கணும். ரோ இருபதுன்னா?"

திருவள்ளூர்க்காரன் செல்போனில் தட்டினான். "பதினேழாயிரத்து எண்ணூத்துச் சொச்சம்," என்றான். "இதையா நீ பூஜ்யம்னு எழுதின?"

எனக்கு ஒரு கடைசிப் பிடி இருந்தது. "வெளியே இ பவர் மைனஸ் ரோ இருக்கே. அது எல்லாத்தையும் தேய்ச்சிடும்."

"உறுப்பு எண்ணிக்கை முடிஞ்சா தேய்ச்சிடும். ஏழோ எழுபதோ, எங்கயாவது முடிஞ்சா சரி. முடியலைன்னா? ஜே பெருசாகப் பெருசாக அடுத்த கெழு எவ்வளவு?"

வாய்ப்பாட்டைப் பார்த்தேன். ஜே பெரிதானால் எல்லும் லாம்டாவும் அதன் முன்னால் தூசு. மேலே இரண்டு ஜே, கீழே ஜே பெருக்கல் ஜே. ஆக, ஒவ்வொரு கெழுவும் முந்தினதைப் போல இரண்டின் கீழ் ஜே மடங்கு. இதை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். எங்கோ என்ன, முந்தின செமஸ்டரில் பதினாறு மார்க் கேள்வி. 'இ பவர் இரண்டு ரோ'வின் தொடர் அப்படித்தான் போகும்.

"இ பவர் டூ ரோ," என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

"வெளியே மைனஸ் ரோ, உள்ள பிளஸ் ரெண்டு ரோ. மிச்சம்?"

"பிளஸ் ரோ."

"மேல போகுது. தூரம் போகப் போக எலக்ட்ரான் அங்க இருக்கற வாய்ப்பு ஏறிக்கினே போகுது. மொத்த வாய்ப்பு ஒண்ணா இருக்கணும். இது முடிவில்லாம போனா அணுவுக்குள்ள கட்டுப்பட்ட எலக்ட்ரான்னு அதை எப்படிச் சொல்லுவ?" இத்தனைக்கும் நடுவில் அவள் சொன்ன ஒன்றுதான் எனக்கு ரொம்ப உறைத்தது: "நீ வரைஞ்ச படம் அழகா இருக்கு. ஆனா அது அந்த ஈக்வேஷனோட தீர்வே இல்ல. திரும்ப உள்ள போட்டுப் பாரு, மிச்சம் நிக்கும். நீ வாலை வெட்டிட்டு மாடு படுத்துக்கிச்சுன்னு சொல்ற."

திருவள்ளூர்க்காரன் மெதுவாக, "பொன்னாடையைத் திருப்பிக் குடுத்துடலாமா?" என்றான்.

பதினொரு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவன் செல்போனில் ஷீட்டைத் திறந்து நூறு உறுப்புகள் வரை ரவுண்டு பண்ணாமல் கூட்டினான். அவள் ஒவ்வொரு ரோவுக்கும் எண்ணைச் சொன்னாள். நான் எழுதினேன், அந்த ஒன்றரை மணி நேரத்தில் எனக்குத் தகுதியான வேலை அதுதான்.

வகுப்பில் நான் பலகையின் நடுவே படுக்கைக் கோடு போட்டேன். புள்ளி பூஜ்யம் ஒன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம். ரோ அரையில் பத்து சென்டிமீட்டர் மேலே. ஒன்றில் எட்டு கீழே. இரண்டில் இருபது கீழே. மூன்றில் ஏறி வந்து கோட்டுக்கு மூன்று கீழே. நான்கில் பத்தொன்பது மேலே. பின் பெஞ்சில் ஒருவன், "இனிமே இறங்கும்," என்றான். அவனும் ஜெராக்ஸ் நோட்டுதான். ஐந்தில் முப்பத்தாறு. ஆறில் பலகையின் சட்டத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. நான் பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறினேன். ஏழில் சுவர்க் கடிகாரத்தின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

வாசலில் நின்ற அட்டெண்டர், "யோவ், செவுத்துல இன்னாயா கிறுக்கினுகீற! போன மாசந்தான் வெள்ளையடிச்சாங்க," என்றார்.

"பத்துல எங்க வரும்?" என்றார் மேடம்.

"நாலரை மீட்டர் மேடம். கூரைக்கு மேல."

"இருபதுல?"

திருவள்ளூர்க்காரன் எழுந்து, "பதிமூணு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி மேடம். பிளேன் போற உயரத்துக்கும் மேல," என்றான்.

"அதனால?"

நான் பெஞ்சிலிருந்து இறங்கினேன். இந்த முறை மெதுவாகச் சொன்னேன். "தொடர் முடிஞ்சாகணும்னு எந்தச் சட்டமும் இல்ல மேடம். எந்த லாம்டாவுக்கும் ஈக்வேஷனுக்குத் தீர்வு உண்டு. ரெண்டரைக்கும் உண்டு. ஆனா அந்தத் தீர்வு கருவைச் சுத்தி நிக்காம வெளியே ஓடிடுது. ஓடாம இருக்கணும்னா மேல இருக்கற எண் எங்கயாவது ஒரு இடத்துல சரியா பூஜ்யம் ஆகணும். ஜே எண்ணிக்கை, அதனால முழு எண். எல் முழு எண். ரெண்டையும் கூட்டி ஒண்ணு சேர்த்தா முழு எண்ணைத் தவிர வேற எதுவும் வராது. லாம்டா அதுக்குச் சமமா இருந்தாத்தான் பூஜ்யம். அதான் என். ஜே பூஜ்யத்துல ஆரம்பிக்கறதால, எல் எப்பவும் அந்த 'என்'-ஐ விட ஒண்ணாவது கம்மியா இருக்கும்."

"சரி, எல் ஏன் முழு எண்?"

நான் பழவேற்காட்டுப் பெண்ணைப் பார்த்தேன். அவள் எழுந்தாள். "அங்கயும் இதே கதைதான் மேடம். முழு எண் இல்லைன்னா கோணத்தோட தொடர் துருவத்துல வெடிச்சிடும்." உட்காரும்போது என் பக்கம் திரும்பாமலே, "அதை நான் ரவுண்டு பண்ணலை மேடம்," என்றாள். வகுப்பே சிரித்தது. முதல்முறையாக நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்று சாயங்காலம் நைனா கேட்டார். "ரெண்டரை இன்னாச்சு?"

"வரலை நைனா. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்."

அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். "புதுவாயல்ல சொல்லிட்டனே." பிறகு அவரே, "பரவால்ல, அவுங்களுக்கு ரெண்டரைன்னா இன்னான்னு தெரியாது. கேட்டா இப்ப மூணு ஆயிடிச்சின்னு சொல்லிக்கிறேன்," என்றார். மூன்று அனுமதிக்கப்பட்ட எண் என்பதால் நான் மறுக்கவில்லை.

மதிப்பெண்ணை மேடம் புதன்கிழமை எங்கள் மூவரையும் ஸ்டாஃப் ரூமுக்கு அழைத்துச் சொன்னார். திங்கள்கிழமைக்குப் பத்துக்குப் பத்து. வியாழக்கிழமைக்காக, சிலபஸ் பதிலுக்காகக் குறிப்பாக, இரண்டரை கழித்திருப்பதாகச் சொன்னார். ஏழரை. கம்ப்யூட்டரில் அடித்தார். மதிப்பெண் போடும் கட்டம் சிவப்பானது. மறுபடி அடித்தார். மறுபடி சிவப்பு. முழு எண் மட்டுமே எடுக்குமாம்.

"எட்டாக்கிடலாமே மேடம்," என்றாள் பழவேற்காட்டுப் பெண். "ரவுண்டு பண்ணினா எட்டுதானே."

மேடம் என்னைப் பார்த்தார். "ரவுண்டு பண்ணலாமா?"

அவள் கண்ணும் திருவள்ளூர்க்காரன் கண்ணும் என் மேல் இருந்தன. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது, "ரவுண்டு பண்ணினது போதும் மேடம்," என்பதுதான். எனக்கு வேண்டியிருந்தது ஏழு. நேர்மையாக இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேடம் ஏழு என்று அடித்தார். கட்டம் பச்சையானது.

வராந்தாவுக்கு வந்ததும் திருவள்ளூர்க்காரன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான்: என்னால் போனது ஆளுக்கு மூன்று, மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்பது மார்க்.